மேடையில் எந்தத் தமிழில் பேசுவது?



பள்ளி ஆண்டு விழா, பணி நிறைவு விழா, கிராம சபை என்று எங்காவது பேசக் கூப்பிட்டால் நம்மில் பலர் முதலில் சொல்வது, "எனக்கு மேடைத் தமிழ் வராதே" என்பதுதான். விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்தப் பயத்தில் மறுத்துவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டவர்களோ நாலு பக்கம் எழுதிக்கொண்டு போய், தலை நிமிராமல் வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். இதில் என் கருத்து இதுதான்: உரை முழுவதையும் எழுத்துத் தமிழில் பேச வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று மட்டும் மேடை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. அண்ணா அடுக்குமொழியில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அதே காலத்தில் பெரியார் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோலப் பேசினார், காமராசரும் அப்படித்தான். சாலமன் பாப்பையா பட்டிமன்ற நடுவராக உட்கார்ந்து மதுரைப் பேச்சில் பேசுவதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். அவர் தமிழ்ப் பேராசிரியர். எழுத்துத் தமிழ் வராமல் அப்படிப் பேசவில்லை.

இரண்டு தமிழுக்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் இருக்கிறது. ஆனால் கேட்பவர் காதில் முதலில் விழுவது வினைச்சொல்லின் வால்தான். "வருகிறார்கள்" என்று முடித்தால் அது எழுத்துத் தமிழ். "வர்றாங்க" என்று முடித்தால் பேச்சுத் தமிழ். நடுவில் என்ன சொல் வந்தாலும் இந்த முடிவுதான் வாக்கியத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் ஒரு வசதி உண்டு. எழுத்துத் தமிழ்ச் சொல்லைப் பேச்சு வாக்கியத்துக்குள் தாராளமாகக் கொண்டுவரலாம். "இலையில ஒளிச்சேர்க்கை நடக்குது" என்று நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யார் காதையும் அது உறுத்தியதில்லை. ஆனால் எதிர்த்திசை செல்லாது. பேச்சில் தேய்ந்த வினையின்மேல் எழுத்து விகுதியை ஒட்டினால் உடனே உறுத்தும். "பாத்தார்கள்", "உக்காந்தார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "பார்த்தார்கள்" என்று சொல்லுங்கள், அல்லது "பாத்தாங்க" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தடுமாற்றமாகக் கேட்கிறது.

சமீபத்தில் என் மாணவி ஒருத்தி, இப்போது செவிலியர், ஒரு பள்ளி விழாவில் மாணவிகளிடம் ரத்தசோகை பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. எழுதியதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். அதில் ஒரு வாக்கியம்: "வளரிளம் பருவத்தினரிடையே காணப்படும் இரத்தசோகையைத் தடுக்கும் பொருட்டு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள் உணவிற்குப் பின்னர் உட்கொள்ளப்படுதல் வேண்டும்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. துண்டுப் பிரசுரத்தில் இருந்தால் நானே சரி என்பேன். ஆனால் காதுக்கு இது கடினம். படிப்பவர் புரியாவிட்டால் மேலே போய் மறுபடி படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வாக்கியம் எதற்காக என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதற்குள் தொடக்கம் மறந்துவிடும். "வழங்கப்படும்", "உட்கொள்ளப்படுதல்" என்ற செயப்பாட்டு வினைகளில் கொடுப்பது யார், சாப்பிட வேண்டியது யார் என்பதும் மறைந்துவிடுகிறது. பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அபூர்வம். அங்கே ஆளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உன் வார்டில் ஒரு பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வாய்? அப்படியே சொல்லு" என்றேன். தொலைபேசியில் அவள் முதலில் சொன்னது: "மாத்திரை குடுக்கின்றார்கள், நீங்க சாப்பிட்டுவிட்டுப் போடணும்." நான் மேலே சொன்ன நடுவழி இதுதான். "குடுக்கின்றார்கள்" எந்தத் தமிழிலும் இல்லாத சொல். மேடை என்ற நினைப்பு வந்ததும் வாய் பாதியில் திரும்பிவிட்டது. இன்னொரு முறை சொன்னபோது இப்படி வந்தது:

"உங்களுக்கு ஸ்கூல்ல வாராவாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை குடுக்குறாங்க. அத வெறும் வயித்துல போடாதீங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் போடுங்க. போட்ட உடனே டீ, காபி குடிக்காதீங்க, சத்து உடம்புல சரியா சேராது."

டீ விஷயம் அவள் எழுதிய உரையில் இல்லவே இல்லை. தினமும் வார்டில் சொல்கிற பேச்சுக்குத் திரும்பியதும் அதுவும் சேர்ந்து வந்தது. "ரத்தசோகை", "இரும்புச்சத்து" என்ற சொற்களை அவள் மாற்றவில்லை. மாற்றவும் கூடாது, மருத்துவமனைச் சீட்டில் அந்தப் பிள்ளைகள் அதே சொற்களைத்தான் பார்ப்பார்கள்.

உரை முழுவதையும் அப்படியே பேசிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "தலைமையாசிரியர் அவர்களே" என்ற விளிக்குப் பேச்சு வடிவமே கிடையாது. வரவேற்பும் நன்றியும் எழுத்துத் தமிழில் வந்தால்தான் சபைக்கு மரியாதை கொடுத்ததாக நம் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் எழுத்துத் தமிழ், நடுவில் எட்டு நிமிடம் பேச்சுத் தமிழ் என்று பிரித்தோம்.

ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வினைச்சொல்லே இல்லாத வாக்கியங்கள் தமிழில் நிறைய உண்டு. அவற்றில் வால் இல்லை, அதனால் இரு பக்கமும் செல்லும். அவள் வணக்கம் சொல்லி முடித்ததும், "நான் ஒரு நர்ஸ். இது எனக்கு இருபதாவது வருஷம்" என்று இரண்டு சிறிய வாக்கியம் வைத்தோம். அடுத்தது, "உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன்." மாறியதே தெரியாது.

எந்தப் பேச்சுத் தமிழ் என்ற கேள்வியும் உண்டு. எங்கள் வீட்டில் "வந்தாக", "போனாக" என்போம். நம் ஊர்க் கூட்டத்தில் அது இனிக்கும். பல மாவட்டத்துக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் "வந்தாங்க" என்பதே எல்லோருக்கும் பொது.

பேச்சுத் தமிழ் கூடாத இடங்களும் இருக்கின்றன. உறுதிமொழியை எழுதியபடிதான் வாசிக்க வேண்டும். இரங்கல் தீர்மானமும் அப்படியே. கிராம சபையில் தீர்மானம் எழுத்துத் தமிழில் பதிவாகட்டும். ஆனால் "எங்க தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரல" என்பதை அந்தப் பெண் அவர் வாயில் வருகிறபடியே சொல்லட்டும். மைக்கைப் பிடித்தவர் அவரைத் திருத்தக் கூடாது. திருத்தினால் அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நிற்கவே மாட்டார்.

அடுத்த முறை உங்களைப் பேசக் கூப்பிட்டால், முதல் நாள் இரவு கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். "கிறார்கள்" வரிசையாக வருகிறதா, "றாங்க" வரிசையாக வருகிறதா, இரண்டும் கலந்து குதிக்கிறதா என்று தெரிந்துவிடும். குதிக்கிற இடங்களை மட்டும் சரி செய்தால் போதும்.