முதல்ல வாளி, அப்புறம் சுவிட்ச்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட்டுகளில் ‘தண்ணீரைச் சேமிப்போம், தலைமுறையைக் காப்போம்’ என்ற ரகத்து வாசகங்கள் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது இவை இன்னும் பெருகின. இந்த வாசகங்களோடு யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் படித்துவிட்டு வீட்டுக்குள் போகிறவர் எந்தக் குழாயை, எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றில் இல்லை. பெரும்பாலான குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு மீட்டரும் கிடையாது. லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து எல்லோர் தலையிலும் விழுவதால், சிக்கனமாக இருப்பவருக்குத் தன் சிக்கனம் தெரிவதே இல்லை.

ஆகவே பிரசாரம் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது தினமும் நடப்பதாகவும், செய்தவர் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். என் தேர்வு ஆர்.ஓ. சுத்திகரிப்பான்.

வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் குடிநீர் தர ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. சமையலுக்கும் குடிக்கவும் நாளுக்குப் பத்து லிட்டர் எடுக்கும் வீட்டில் முப்பது லிட்டர் இப்படிப் போகும். மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று அதை நேராக சிங்க்கில் விட்டுவிடுவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டால் போதும், போகிற தண்ணீர் கண் முன்னே நிறையத் தொடங்கும்.

ஆனால் வாளி வைத்த வீடுகளில் பலரும் ஒரு வாரத்தில் கைவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. காலியான எட்டு லிட்டர் தொட்டி நிறைவதற்குள் இருபத்து நான்கு லிட்டர் வெளியேறும். பதினைந்து லிட்டர் வாளி அதற்குள் வழிந்து சமையலறை நனைந்துவிடும். இயந்திரத்தை எப்போதும் ஆனில் வைத்திருந்தால் எந்நேரமும் வாளியைக் கவனிக்க வேண்டியிருக்கும். சுவிட்சை அணைத்தே வைத்திருந்து, வீடு துடைக்கும் நேரத்தில் வாளியை வைத்துப் போட்டு, வாளி நிறைந்ததும் அணைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. இன்னும் குடிநீர் தேவையென்றால் அடுத்த வாளி. எனவே வாசகம் இதுதான்: ‘முதல்ல வாளி, அப்புறம் சுவிட்ச்.’

இதை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். வீடு துடைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பல வீடுகளில் வேலைக்கு வரும் அக்காதான்; அவரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒட்ட வேண்டிய இடமும் லிஃப்ட் அல்ல, ஆர்.ஓ. சுவிட்சுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி. தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்று வாசகம் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நிறைந்த வாளி கண்ணெதிரே இருந்தால் தரை துடைக்கவும் கழிப்பறையில் ஊற்றவும் கை தானாகப் போகும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் குடியிருப்புச் சங்கம் தனியே சொல்ல வேண்டும். வெளியேறும் நீரில் உப்பு கூடுதல். லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர் உள்ளே போனால், வெளியே வருவது ஆயிரத்தைத் தாண்டும். தரைக்கும் கழிப்பறைக்கும் அதனால் கேடில்லை. தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு படிந்து இலை நுனி கருகும். உள்ளே வருவது 500-க்குக் கீழே இருந்தால், உப்பைக் குறைக்க ஆர்.ஓ.வே தேவையில்லை. எனவே ஒவ்வொரு வீடும் முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கட்டும்.

வாளி இன்னொரு வேலையும் செய்கிறது. தொட்டி நிறைந்த பிறகும் வெள்ளைக் குழாய் நிற்காமல் ஒழுகினால், தண்ணீரை நிறுத்தும் வால்வு பழுது. சிங்க்கில் விட்டிருந்தால் அது மாதக்கணக்கில் தெரியாமலே ஓடியிருக்கும்.

அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பில் வீட்டுக்கு முப்பது லிட்டர் வீதம் நாளுக்கு 1,800 லிட்டர். எல்லாம் பயன்படாது, பாதிதான் உண்மையில் வேறு தண்ணீருக்கு மாற்றாகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதத்துக்கு 27,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டுக்கும் மேல். மிச்சமானதா என்பதைக் காவலாளியின் லாரி நோட்டே சொல்லிவிடும், ஆள் எண்ணிக்கையும் பருவமும் ஒத்த மாதங்களை ஒப்பிட்டால்.

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட்டில் இருக்கும் பழைய வாசகத்தை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து, அடுத்த மாதம் முதல் தேதியன்று நீங்களே ஒவ்வொரு சமையலறைக்கும் போய் ஒட்டிவிட்டு, அன்றே லாரி நோட்டில் கணக்கைத் தொடங்குங்கள்.