‘லீக் இருக்கக் கூடாது’ என்றால் எவ்வளவு?

வல்லக்கோட்டைப் பக்கம் ஷெட் வைத்துச் சோதனை இயந்திரங்கள் செய்துவரும் நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு வந்த விசாரணைக் கடிதத்தில் இரண்டே வரிகள். அலுமினிய ஹவுசிங் ஒன்றுக்கு லீக் டெஸ்ட் மெஷின் வேண்டும், லீக் இருக்கக் கூடாது. சைக்கிள் டைம் 45 விநாடி. கூடவே ஒரு ட்ராயிங். வெள்ளிக்கிழமைக்குள் கொட்டேஷன் அனுப்பச் சொன்னார்கள். அவரும் அனுப்பினார், ஆர்டரும் வந்தது. மெஷின் போய்ச் சேர்ந்த பிறகு நான்கு மாதம் பணம் வரவில்லை.

நம் தொழிலில் இது புதுக் கதை அல்ல. ஆனால் அந்த இரண்டு வரிகளில் என்ன விடுபட்டிருந்தது என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. போட்டுப் பார்ப்போம்.

லீக் இல்லாத பாகம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. எவ்வளவு லீக் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவுதான் உண்டு. அந்த அளவு நிமிடத்துக்கு 5 சிசி என்று வைத்துக்கொள்வோம். பாகத்தின் உள்கொள்ளளவு 500 சிசி, சோதனை அழுத்தம் 2 பார், அளக்கும் நேரம் 10 விநாடி. பத்து விநாடியில் வெளியேறும் காற்று முக்கால் சிசிக்குச் சற்று மேல். அதனால் உள்ளே குறையும் அழுத்தம் சுமார் 170 பாஸ்கல். மெஷின் பிடிக்க வேண்டியது இவ்வளவுதான். கொள்ளளவு 2000 சிசி என்றால் அதே லீக்குக்கு இறங்குவது வெறும் 42 பாஸ்கல். அளக்கும் நேரத்தை நீட்ட வேண்டிவரும், 45 விநாடி போதாமல் போகலாம். ஆக, உள்கொள்ளளவு தெரியாமல் சைக்கிள் டைமுக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய வில்லன் வெப்பம். 2 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 1000 பாஸ்கல் உயரும். நாம் தேடுவதோ 170. பாகம் வாஷிங் மெஷினிலிருந்து சூடாக நேரே வந்தால், உள்ளே நிரப்பிய காற்று சூடேறி அழுத்தத்தைக் கூட்டும். லீக்கால் இறங்கவேண்டியதை அது மறைத்துவிடும். ஓட்டைப் பாகம் பாஸ் ஆகிப் போகும். நண்பருக்கு நடந்தது இதுதான். அவருடைய ஷெட்டில் டிரையல் எடுத்தபோது பாகங்கள் இரவெல்லாம் ரேக்கில் கிடந்து ஆறியவை. மெஷின் அற்புதமாக ஓடியது. வாடிக்கையாளர் லைனில் அதே மெஷின் காலையில் ஒரு முடிவும் மதியம் ஒரு முடிவும் சொன்னது. வாஷிங் மெஷின் முன்னால் இருப்பதை யாரும் அவரிடம் மறைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா என்று கேட்பீர்கள். கேட்கும் விதத்தைப் பொறுத்தது. ‘தேவைகளைத் தெளிவுபடுத்தவும்’ என்று எழுதினால் ‘ஆஸ் பர் ட்ராயிங்’ என்று ஒரு வரி திரும்பி வரும். ‘டெஸ்ட் பிரஷரும் லீக் அளவும் என்ன?’ என்று ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டினால் ‘2 பார்’ என்று மட்டும் பதில் வரும். மற்றது காற்றோடு போகும். ஒரு எண்ணுக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்வியோடு, பதில் வராவிட்டால் நாம் எதை வைத்து வேலை செய்யப்போகிறோம் என்பதும், அது மாறினால் என்ன கூடும் என்பதும் இருக்க வேண்டும். இப்போது நண்பர் அனுப்பும் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கிறது:

1. அனுமதிக்கும் லீக் எவ்வளவு? நிமிடத்துக்கு 5 சிசி என்று எடுத்துக்கொண்டுள்ளோம். இதற்குக் குறைந்தால் சைக்கிள் டைம் கூடும்.
2. சோதனைக்கு வரும்போது பாகத்தின் வெப்பம் என்ன? அறை வெப்பத்தைவிட 5 டிகிரிக்கு மேல் இருக்காது என்று எடுத்துக்கொண்டுள்ளோம். இருந்தால் முன்னால் கூலிங் ஸ்டேஷன் தேவை. அது இந்த விலையில் இல்லை.
3. 45 விநாடியில் ஆள் பாகத்தை வைத்து எடுக்கும் நேரமும் அடங்குமா? அடங்கும் என்று எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்கு 8 விநாடி ஒதுக்கியுள்ளோம்.
4. மாஸ்டர் லீக்கை யார் தருவது? சான்றிதழோடு நீங்கள் தருவதாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். ‘வெப்பம் என்ன?’ என்று மட்டும் கேட்டால் அது பர்ச்சேஸ் அதிகாரியின் மேசையிலேயே தூங்கும். அவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ‘இந்த விலையில் இல்லை’ என்ற வரியைப் பார்த்தவுடன் அவரே பிராசஸ் இன்ஜினீயருக்குப் போன் போடுவார். பதில் எந்தத் துறையிடம் இருக்கிறது என்பதை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது: லீக் அளவு குவாலிட்டிக்கு, வெப்பம் பிராசஸுக்கு.

எண்ணிடுவது அழகுக்கு அல்ல. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நம் கடிதம் பல நேரம் கொரிய மொழிக்கோ ஜப்பானிய மொழிக்கோ போய்த் திரும்புகிறது. வாக்கியம் வழியில் உருமாறலாம், எண் மாறாது. ‘1 சரி, 2 சரியில்லை, 55 டிகிரி’ என்று வரும் பதிலில் குழப்பத்துக்கு இடமில்லை. அதனால்தான் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது. மூன்றாவது கேள்வி முடிந்துவிட்டதென்று அடுத்த கடிதத்தில் நான்காவதை மூன்றாக்கினால் இரண்டு தரப்பும் வெவ்வேறு தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். முடிந்ததை ‘முடிந்தது’ என்று எழுதி, தேதியோடு அங்கேயே விட்டுவையுங்கள்.

கேள்விகளை ஐம்பதாக்கிவிடும் ஆர்வமும் சிலருக்கு வருகிறது. பெயின்ட் நிறத்தையும் லீக் அளவையும் ஒரே தாளில் கேட்டால் பெயின்ட் நிறத்துக்குத்தான் முதலில் பதில் வரும். விலையை மாற்றக்கூடிய கேள்விகள் மட்டும் கொட்டேஷனுக்கு முன் போகட்டும். மற்றவை டிசைன் அப்ரூவலுக்குக் காத்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘ஏழு நாளில் பதில் இல்லையெனில் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எதிர்த்தரப்பின் மௌனத்தைச் சம்மதமாக்க அந்த ஒரு வரிக்குச் சட்டத்தில் பலம் இல்லை. அது மட்டுமல்ல, பொருள் எதற்கென்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் அந்தப் பயனுக்கு அது தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவில். ‘நீங்கள்தான் நிபுணர், நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?’ என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது என்று பொருள். ஆகவே தாள் போய்ச் சேர்ந்தால் போதாது. பி.ஓ.வில் நம் கொட்டேஷன் எண்ணும் அந்தத் தாளின் திருத்த எண்ணும் ஏற வேண்டும். ஏறாமல் வந்த பி.ஓ.வைத் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பச் சங்கடமாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் வருவதற்கு முன் படும் அந்தச் சங்கடம், டெலிவரிக்குப் பிறகு படுவதைவிடச் சிறியது என்பது நம் கருத்து.

நண்பர் கடைசியில் தன் செலவில் கூலிங் கன்வேயர் போட்டுக்கொடுத்துப் பணத்தை வாங்கினார். உங்களிடமும் இப்படிக் காசு கொடுத்துக் கற்ற கேள்விகள் இருக்கும். வெல்டிங் ஃபிக்சர், செக்கிங் ஃபிக்சர், பிரஸ் டூல் எதுவானாலும் சரி, வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு உங்கள் கேள்வித்தாளை எங்களுக்கு அனுப்புங்கள். இயந்திர வகைவாரியாகத் தொகுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.