உண்ணிக் காய்ச்சல் என்று ஒரு நோய் இல்லை

‘உண்ணிக் காய்ச்சல்’ என்னும் ஒற்றைப் பெயரே நோயறிதலைக் கெடுக்கிறது என்பது என் வாதம். மும்பையின் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் பெருகும் பழுப்பு நாய் உண்ணி, எர்லிக்கியா என்ற பாக்டீரியாவையும் பபேசியா என்ற ஓரணு ஒட்டுண்ணியையும் பரப்புகிறது. இரண்டிலும் காய்ச்சல் வரும். இரண்டிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆயினும் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து, 28 நாள்களுக்கு டாக்சிசைக்ளின் எழுதிவிடுகிறோம்.

மாட்டுங்காவில் நான் கண்ட தெருநாய் ஒன்றுக்கும் அதுவே தரப்பட்டது. ஐந்தாம் நாள் ஈறுகள் வெளுத்தன, சிறுநீர் கருஞ்சிவப்பாயிற்று. டாக்சிசைக்ளின் எர்லிக்கியாவை அடக்கும். சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும் பபேசியாவை ஒழிக்காது. காதுமடலின் ஓரத்தில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்த பின்னரே, சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இணை இணையாக ஒட்டுண்ணிகள் தெரிந்தன. இரு வார இடைவெளியில் போட்ட இரண்டு இமிடோகார்ப் ஊசிகளால் நாய் பிழைத்தது.

நுண்ணோக்கியும் முழுச் சான்றன்று. மும்பை, தில்லி, சிக்கிம், லடாக் நாய்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், அது தவறவிட்ட தொற்றுகள் பலவற்றைப் பிசிஆர் சோதனை காட்டிற்று. ஆனால் அக்குறை, பாராமலே மருந்தெழுதுவதற்குச் சாக்காகாது.