பெருவிரல் தெரியாத படம் எதற்கு?

கை கழுவத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். சோறு உண்ணக் கழுவும் கை வேறு. நர்சு கழுவும் கை வேறு. பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியைப் பிடிப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ஊசி மருந்தை எடுப்பதும் அந்தக் கைதான். அதில் ஓர் இடம் விட்டுப் போனாலும் கிருமி அங்கே தங்கிவிடும்.

எந்த இடம் விட்டுப் போகிறது? 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டெய்லர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். சாயம் பூசி, நர்சுகளின் கையில் எந்த இடம் விடுபடுகிறது என்று கவனித்தார். உள்ளங்கை நன்றாகவே தேய்க்கப்பட்டிருந்தது. பெருவிரலும், விரல் நுனிகளும், விரல் இடுக்குகளும்தான் பெரும்பாலும் தப்பிப் போயிருந்தன. ஆனால் நர்சு எதைப் பிடித்தாலும் பெருவிரலாலும் விரல் நுனியாலும்தானே பிடிக்கிறார்!

ஆகவே, நர்சுகளுக்குக் கை கழுவக் கற்றுத்தரும் வீடியோ படம் இந்த மூன்று இடங்களையும் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் படத்தால் பயன் இல்லை. இதைப் படம் பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. படத்துக்கு வசனம் எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

தாளின் நடுவே ஒரு கோடு

திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற ஊரில் வேலை பார்க்கப் போகும் பயிற்சி நர்சுகளுக்கு ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் முதலில் தாளின் நடுவே ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கம் கண் காண்பது. வலது பக்கம் காது கேட்பது. இடது பக்கத்தை முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் வலது பக்கத்தைத் தொட வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நீளமான பேச்சை எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற படத்தைத் தேடுகிறார்கள். "கைகளை எல்லாப் பக்கமும் நன்றாகத் தேய்க்கவும்" என்று குரல் சொல்கிறது. திரையில் ஒரு நர்சு சிரித்தபடி நிற்கிறார். 'எல்லாப் பக்கமும்' என்றால் எந்தப் பக்கம்? பார்க்கிறவருக்கு அது தெரிவதில்லை.

ஆறு அசைவுகள்

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட முறையில், தேய்ப்பதற்கு ஆறு அசைவுகள் உண்டு. ஒன்று, உள்ளங்கையோடு உள்ளங்கை. இரண்டு, ஒரு கையின் புறங்கை மேல் மறு உள்ளங்கையை வைத்து, விரல்களைக் கோத்துத் தேய்ப்பது. மூன்று, உள்ளங்கைகளைச் சேர்த்து விரல்களைக் கோத்துத் தேய்ப்பது. நான்கு, விரல்களைக் கொக்கி போல் மாட்டி, விரல்களின் பின்புறத்தை எதிர் உள்ளங்கையில் தேய்ப்பது. ஐந்து, பெருவிரலை மறு கையால் பற்றிச் சுழற்றுவது. ஆறு, விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேய்ப்பது.

ஓர் அசைவுக்கு ஒரு காட்சி. இரண்டை ஒரே காட்சியில் சேர்க்கக்கூடாது. வலது கைக்குச் செய்ததை இடது கைக்கும் முழுவதும் காட்ட வேண்டும். "மறு கைக்கும் இப்படியே" என்று வாயால் சொல்லி விட்டுவிட்டால், பயிற்சி பெறுபவரும் மறு கையை விட்டுவிடுவார்.

காமிரா எங்கே நிற்பது?

நர்சுக்கு எதிரே காமிராவை வைத்தால், அவருடைய வலது கை திரையில் இடது பக்கம் தெரியும். பார்ப்பவர் தம் கையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திணறுவார். காமிராவை நர்சின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே வைத்துத் தொட்டியை நோக்கிப் பிடித்தால், தம் கையைத் தாமே குனிந்து பார்ப்பது போல இருக்கும். முகம் தெரியாது, அதனால் நஷ்டம் இல்லை.

ஆனால் ஐந்தாவது அசைவுக்கு இந்த இடம் போதாது. பெருவிரல் மறு கையின் பிடிக்குள் மறைந்துவிடும். எனவே அந்த ஒரு காட்சியை இப்படி எழுதலாம்.

கண்ணுக்கு: இடது பெருவிரல் தனியே நீட்டியிருக்கிறது, ஒரு விநாடி அசையாமல் நிற்கிறது. காமிரா பக்கவாட்டில், மிக அருகில். வலது கை வந்து பெருவிரலை அடிவரை பற்றி, முன்னும் பின்னும் சுழல்கிறது. கை விலகுகிறது. பெருவிரலின் அடி மேடு வரை நுரை படிந்திருப்பது தெரிகிறது.

காதுக்கு: "பெருவிரல். அடிவரை பற்றுங்கள். சுழற்றுங்கள்."

இவ்வளவு போதும். கை மூன்று விநாடி அசையும்போது குரலும் அதற்குள் முடிய வேண்டும். குரல் அதற்கு மேல் நீண்டால், கை அடுத்த அசைவுக்குப் போன பிறகும் பழைய அசைவைப் பற்றியே பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

நுரையாலும் ஒரு தொல்லை உண்டு. அதிக நுரை விரல்களை மூடிவிடும். அதனால் ஆறு அசைவுகளையும் முதலில் வெறும் கையால் மெதுவாகக் காட்ட வேண்டும். பிறகு சோப்புப் போட்டு, உண்மையான வேகத்தில் ஒரே மூச்சில் காட்ட வேண்டும்.

வெட்டாத ஒரு நிமிடம்

இரண்டாம் முறை காட்டும் அந்தக் காட்சியை வெட்டவே கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும் என்பது கணக்கு. நனைத்துச் சோப்பு எடுக்க 8 விநாடி, ஆறு அசைவுகளுக்கு 32, அலச 10, துடைத்துக் குழாயை மூட 10. ஆக 60. திரையின் ஓரத்தில் விநாடி ஓடட்டும். வெட்டிச் சுருக்கி 15 விநாடியில் காட்டினால், கை கழுவ 15 விநாடி போதும் என்றே கற்றுக்கொடுத்ததாகும்.

கழுவும் முன் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றுவதையும் காட்ட வேண்டும். கழுவி முடித்ததும் குழாயை மூடுவதையும் காட்ட வேண்டும். சுத்தமான கையால் பழைய குழாயைத் திருகினால் அழுக்கு திரும்பவும் கையில் ஒட்டிக்கொள்ளும். கை துடைத்த துண்டாலேயே குழாயை மூடி, அந்தத் துண்டைப் போட்டுவிட வேண்டும். முழங்கையால் தள்ளும் குழாய் இருந்தால் தொல்லை இல்லை. படத்தில் அந்த வகைக் குழாயை மட்டும் காட்டினால், திருகு குழாய் உள்ள சுகாதார நிலையத்துக்குப் போகும் நர்சு என்ன செய்வார்? அவர் நாளை நிற்கப்போகும் இடத்தில் உள்ள குழாயையே படத்தில் காட்ட வேண்டும்.

தண்ணீரில்லாமல் தேய்க்கும் சாராய மருந்துக்கும் இதே ஆறு அசைவுகள்தான். 20 முதல் 30 விநாடி போதும். ஆனால் கையில் இரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் அது உதவாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். இதையும் வாயால் சொல்லாமல், கறை படிந்த கை மருந்துப் புட்டியை விட்டுக் குழாய்ப் பக்கம் திரும்புவதாகக் காட்டினால் மறக்காது.

தவறும் தெரியட்டும்

சரியானதை மட்டும் காட்டினால், "நானும் இப்படித்தானே கழுவுகிறேன்" என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒரு காட்சியில் வெள்ளை ரப்பர் கையுறை அணிந்து, உள்ளங்கையில் நீலச் சாயம் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் தேய்க்கச் சொல்ல வேண்டும். பிறகு இரு கைகளையும் காமிரா முன் விரித்துக் காட்ட வேண்டும். பெருவிரலும் நுனிகளும் வெள்ளையாக நிற்கும். அதன் பக்கத்தில் விளக்கவுரை தேவையில்லை. செலவும் சில ரூபாய்தான்.

படம் மட்டும் பார்த்துக் கை பழகிவிடாது. தொட்டியின் முன் நின்று செய்தே ஆக வேண்டும். ஆனால் படம் சரியாக எழுதப்பட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சி நர்சிடம், சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் செய்யச் சொல்லுங்கள். ஆறு அசைவுகளும், இரு கைகளிலும், பெருவிரல் உட்பட வந்தால் படம் தேறியது. ஓர் அசைவு தவறினால் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தக் காட்சியை மறுபடி எழுதுங்கள்.