பேரப்பிள்ளைக்கு ஒரு கதை: நான்காவதாக வந்தவர்

இவ்வாரக் கதை, ஆறு வயதுக் குழந்தைக்கு உரியது. இருட்டுக்கு அஞ்சும் பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால், இக்கதையை முதன்முறை பகல் வெளிச்சத்திலேயே சொல்லிவிடுவது நன்று. இரவில் மறுபடியும் சொல்லும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்திருப்பதிலேயே அச்சத்தில் பாதி போய்விடுகிறது.

கதை இதுதான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே செல்லி என்று ஒரு சிறுமி இருந்தாள். செல்லிக்கு வயது ஆறு. பகலில் அவள் எதற்கும் பயப்பட மாட்டாள். மரம் ஏறுவாள். ஓடையில் இறங்குவாள். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் ஆயாவின் சேலை முந்தானையை விடமாட்டாள்.

ஐப்பசி மாதத்து இரவு. நல்ல மழை. செல்லியும் ஆயாவும் சாமைச் சோறு தின்றுவிட்டுப் பாயில் படுத்தார்கள். திடீரென்று விளக்கு அணைந்துபோயிற்று. ஊர் முழுவதும் இருட்டு.

"ஆயா! மூலையில் யாரோ நிற்கிறார்கள். பெரிய தலை!" என்றாள் செல்லி.

ஆயா சிரிக்கவில்லை. "ஒன்றும் இல்லை, தூங்கு" என்றும் சொல்லவில்லை. "அப்படியா? என் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லையே. என் கையைப் பிடித்துக்கொள். இரண்டு பேரும் மெதுவாக நூறு வரை எண்ணுவோம். பிறகு நீ பார்த்துச் சொல்" என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று... எண்ண எண்ணச் சுவர் கொஞ்சம் தெரிந்தது. கதவு கொஞ்சம் தெரிந்தது. எண்பத்திரண்டு வந்தபோது செல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, அது முறம்! அதன் கீழே உன் கம்பளி தொங்குகிறது!"

"நீதான் முதலில் கண்டாய். எனக்கு இப்போதுதான் தெரிகிறது" என்றாள் ஆயா.

மழை ஓயவில்லை. "இதே போன்ற மழை இரவில் நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா?" என்று ஆயா கேட்டாள்.

"மலையை விட்டு இறங்கிப் போனால் திருக்கோவலூர் இருக்கிறது. தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். வெகு காலத்துக்கு முன்னே அங்கே ஒரு வீட்டின் இடைகழியில், மழைக்கு ஒதுங்கிப் பொய்கையார் என்ற பெரியவர் படுத்திருந்தார். கதவு தட்டும் ஓசை கேட்டது. பூதத்தார் என்பவர் வந்தார். 'ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், வாரும்' என்றார் பொய்கையார். இருவரும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் கதவு தட்டும் ஓசை. பேயார் என்பவர் வந்தார். 'இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம், வாரும்' என்றார்கள். மூவரும் நின்றார்கள். கும்மிருட்டு. அப்போது யாரோ அவர்களை நெருக்கினார்கள். மூன்று பேருக்குத்தான் இடம், நெருக்குவது யார்?"

செல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள். "பேயா, ஆயா?"

"அவர்களுக்கும் தெரியவில்லை. பொய்கையார் பாட்டாலேயே ஒரு விளக்கு ஏற்றினார். பூதத்தார் அன்பாலேயே இன்னொரு விளக்கு ஏற்றினார். பேயார் பார்த்தார். பெருமாள் நின்றுகொண்டிருந்தார்! அவருக்கும் அந்த மூவரோடு நெருக்கிக்கொண்டு நிற்க ஆசை."

செல்லி யோசித்தாள். "அவர் முன்பே அங்கே இருந்தாரா?"

ஆயா விடை சொல்லும் முன், திண்ணையிலிருந்து 'மே... மே...' என்று மெல்லிய குரல் கேட்டது. கூடையில் கவிழ்த்து வைத்திருந்த ஆட்டுக்குட்டி! சாரல் அடித்து அது நனைகிறது.

"அது பயப்படுகிறது, ஆயா" என்றாள் செல்லி. ஆயாவின் முந்தானையை விட்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். இது முறம், இது கம்பளி, இது கதவு. தாழை நீக்கினாள். கூடையைத் தூக்கிக் குட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பாயில் இடம் நெருக்கமாக இருக்குமே" என்றாள் ஆயா.

"இருவர் படுக்கலாம், மூவர் நெருக்கிப் படுக்கலாம். வா!" என்று செல்லி குட்டியிடம் சொன்னாள். மூவரும் படுத்தார்கள். குட்டியின் நெஞ்சு முதலில் படபடவென்று அடித்தது. பிறகு மெதுவாக அடித்தது. விளக்கு எப்போது வந்தது என்று செல்லிக்குத் தெரியாது. அவள் தூங்கிவிட்டாள்.

கதை முடிந்தது. இனிப் பெரியோருக்குச் சில சொற்கள்.

ஆயா நூறு எண்ணச் சொன்னது வெறும் விளையாட்டன்று. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண், முதல் சில நிமிடங்களில் ஓரளவு பழகும்; முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அச்சம் மிகுவது அந்த முதல் நிமிடத்தில்தான். கண் தராத உருவத்தைக் குழந்தையின் கற்பனை தந்துவிடுகிறது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுக் கைகோத்து எண்ணுங்கள். நடுவில் கைப்பேசியைத் திறந்துவிட்டால், கண் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். வயதான கண் இருளுக்குப் பழகச் சற்றுக் கூடுதலாகவே நேரம் கொள்ளும். ஆதலால் பேத்திக்குத் தெரிவது பாட்டிக்குத் தெரியாமல் இருக்கும். "உனக்கு என்ன தெரிகிறது? எனக்குச் சொல்" என்று கேட்பதில் பொய் ஏதுமில்லை. காட்டிக் கொடுக்கும் பொறுப்பு குழந்தைக்கு வந்துவிடுகிறது.

கேள்விகளை, பள்ளித் தேர்வு போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டா. இரண்டு போதும். "உனக்குப் பயமா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் "இல்லை" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். செல்லியைப் பற்றிக் கேட்டால் தன்னைப் பற்றியே பேசும். "முறம் செல்லிக்கு ஏன் மனிதனைப் போலத் தெரிந்தது?" என்பது நல்ல தொடக்கம். "நம் வீட்டில் இரவில் வேறு மாதிரித் தெரிவது எது?" என்று அடுத்துக் கேட்கலாம், குழந்தை விரல் நீட்டும் பொருளைப் பகலில் இருவரும் சென்று தொட்டுப் பாருங்கள். மற்றொரு நாள், "செல்லி முந்தானையை எப்போது விட்டாள்?" என்று கேளுங்கள். "குட்டி அழுதபோது" என்று குழந்தை தானே கண்டு சொல்லட்டும். பெரியவர் முந்திக்கொண்டு விளக்கினால் கதை கெட்டுவிடும்.

முன்பு அஞ்சாதிருந்த குழந்தை திடீரென்று அஞ்சத் தொடங்கினால், யாரேனும் பூச்சாண்டி காட்டி மிரட்டினார்களா, பள்ளியில் ஏதேனும் நடந்ததா என்பதைப் பகலில் பொறுமையாகக் கேட்டறிவது முறை. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்குக் கதை மருந்தாகாது.

பெருமாள் முன்பே அங்கே இருந்தாரா என்று செல்லி கேட்ட கேள்விக்குக் கதையில் விடையில்லை. உங்கள் பேத்தியும் கேட்பாள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு வந்தால், மறுபடியும் அங்கே பேசிக்கொள்ளலாம். ஆட்டுக்குட்டி அதன்பின் நனைந்ததா என்றும் கேட்பாள். அதற்கு மட்டும் உடனே விடை சொல்லிவிடுங்கள்: நனையவில்லை; விடியும் வரை கம்பளிக்குள் இருந்தது.