பி.பி மெஷினில் E1... கோளாறு அப்பத்தாவுக்கா, மெஷினுக்கா?

கோவை சிங்காநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறரை மணி. பத்து வருடமாக பி.பி மாத்திரை சாப்பிடும் 68 வயது அப்பத்தா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மருமகள் மெஷினை எடுத்து, கையில் பட்டையைச் சுற்றி, பட்டனை அழுத்துகிறார். ‘ர்ர்ர்’ என்று சத்தம் வருகிறது. திரையில் E1.

“என்ன அம்மிணி, எவ்வளவு காட்டுது?”

“நெம்பரே வரலைங்க அத்தை. E1-னு வருது.”

இரண்டாவது முறையும் E1. மூன்றாவது முறை நம்பர் வந்துவிட்டது: 96/71. அப்பத்தாவுக்கு வழக்கமாக 130-க்கு மேல்தான் இருக்கும்.

“பிரஷர் இறங்கிப்போச்சாட்ட இருக்குது. இன்னைக்கு மாத்திரை வேண்டாம் அம்மிணி” என்கிறார் அப்பத்தா.

ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. E1 வந்தபோது மெஷின், ‘என்னால் அளக்க முடியவில்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது. அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தப்போவதில்லை. ஆனால், அதே கோளாறோடு வந்த 96 என்ற எண் உண்மையான அளவு போலவே திரையில் நிற்கிறது. எர்ரர் வந்த மெஷின் அடுத்த நிமிடமே ஒரு நம்பர் காட்டினால், கோளாறு என்னவென்று தெரியும்வரை அந்த நம்பரை நம்பக் கூடாது.

காற்றுதான் எல்லாம்

வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் மெஷினில் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல எதுவும் இல்லை. கஃப் எனப்படும் கைப்பட்டைக்குள் காற்றை ஏற்றி, கையில் ஓடும் ரத்தக்குழாயை அது அழுத்துகிறது. பிறகு காற்றை மெதுவாக இறக்குகிறது. ரத்தம் மறுபடி பாயும்போது ஒவ்வொரு துடிப்பும் கஃப்பில் உள்ள காற்றை லேசாக அதிரவைக்கும். டியூப் வழியாக வரும் அந்தச் சின்ன அதிர்வுகளை வைத்துத்தான் மேல் அளவையும் கீழ் அளவையும் மெஷின் கணக்குப்போடுகிறது. சில மாடல்கள் காற்று ஏறும்போதே இதைச் செய்துவிடும்.

எனவே, எங்காவது காற்று கசிந்தால் அழுத்தம் தேவைக்கு மேல் வேகமாக இறங்கும். சில துடிப்புகள் மெஷினுக்குத் தவறிப்போகும். அப்போது மேல் அளவு உண்மையைவிடக் குறைவாக வர வாய்ப்பு உண்டு. அப்பத்தாவின் 96 அப்படி வந்ததுதான்.

ஓம்ரான் நிறுவனத்தின் பல மாடல்களில் E1 என்றால் டியூபின் பிளக் சரியாகச் செருகப்படவில்லை, கஃப் சரியாகச் சுற்றப்படவில்லை அல்லது காற்று கசிகிறது என்று பொருள். வேறு நிறுவனங்களின் மெஷின்களில் இதே எண்ணுக்கு வேறு பொருள் இருக்கலாம். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் எர்ரர் பட்டியல் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

எங்கே கசிகிறது?

மருமகள் முதலில் பிளக்கைப் பார்க்கிறார். அது பாதிதான் உள்ளே போயிருக்கிறது. லேசாகத் திருகியபடி, இடைவெளி இல்லாமல் உட்காரும்வரை அழுத்துகிறார். பல வீடுகளில் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும். இந்த வீட்டில் முடியவில்லை. மறுபடியும் E1.

அடுத்தது டியூப். டி.வி, ஃபேனை நிறுத்திவிட்டு, கஃப்பை கையில் சுற்றி பட்டனை அழுத்தி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சத்தம் வந்தால் கசிவு உறுதி. சத்தம் கேட்கவில்லை என்றால், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போல, சோப்பு நுரையை விரலில் தொட்டு டியூபின் மேல் தடவலாம். காற்று ஏறும்போது குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மெஷின் பக்கம் நுரை போகக் கூடாது. கஃப்பை தண்ணீரில் முக்கவும் கூடாது. கையில் சுற்றாமல் வெறுமனே காற்று ஏற்றினால் உள்ளே இருக்கும் பை கிழிந்துபோகலாம்.

இந்த வீட்டில் குமிழி வந்தது டியூப் கஃப்புக்குள் நுழையும் கழுத்தில். காரணமும் கண்ணெதிரிலேயே இருக்கிறது. அளந்து முடித்ததும் டியூபை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைப்பது அவர்கள் வழக்கம். தினமும் ஒரே இடத்தில் மடங்கினால் அந்த இடத்தில் ரப்பர் வெடித்துவிடும். டியூபை இழுக்காமல் தளர்வாகச் சுருட்டி வைத்தால் போதும்.

“டேப் சுத்திப் பார்க்கட்டுங்களா?” என்கிறார் காலேஜ் போகும் பேரன். வேண்டாம். இன்சுலேஷன் டேப்பும் பசையும் காற்று அழுத்தத்தில் சில நாளிலேயே விட்டுவிடும். கசிவு குறைந்தால் E1 வராமல் போகலாம். ஆனால், தப்பான நம்பர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். மெஷினை மாற்றத் தேவையில்லை. கஃப் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

டியூபில் ஓட்டை இல்லாமலும் காற்று ஏறாமல் போவதுண்டு. காற்று ஏறும்போது ‘சர்ர்’ என்று பட்டை பிரிந்தால் ஒட்டும் வெல்க்ரோ தேய்ந்துவிட்டது. அதற்கும் புது கஃப்தான் வழி.

கடிகாரத்திலிருந்து வந்த பேட்டரி

சாயங்காலம் பேரன் புது கஃப் வாங்கி வந்து மாட்டுகிறான். இப்போது E1 இல்லை. ஆனால், பம்ப் இழுத்து இழுத்து ஓடுகிறது. பாதியில் திரை மங்கி, மெஷின் அணைந்துவிடுகிறது.

பின்மூடியைத் திறந்தால் நான்கு பேட்டரியில் இரண்டு சுவர்க் கடிகாரத்தில் இருந்தவை, இரண்டு ரிமோட்டில் இருந்தவை. கடிகாரத்துக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். பி.பி மெஷினில் மோட்டார் சுற்ற வேண்டும். சும்மா இருக்கும்போது நன்றாகத் தெரியும் பேட்டரி, மோட்டார் ஓடத் தொடங்கியதும் தளர்ந்துபோகும். அதனால்தான் திரை பளிச்சென்று தெரிந்தாலும் காற்று ஏறுவதில்லை.

நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே வகை புது அல்கலைன் பேட்டரியாக மாற்ற வேண்டும். மூன்று புதிது, ஒன்று பழசு என்றால் அந்தப் பழசு மற்றவற்றையும் இழுத்துவிடும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட்தான் தரும். அதனால் சில மெஷின்கள் சீக்கிரமே பேட்டரி படத்தைக் காட்டி நின்றுவிடும். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்தால் உள்ளே ஒழுகி, கம்பிச்சுருள் பச்சை பூக்காமல் இருக்கும். அடாப்டர் என்றால் அந்த மெஷினுக்கு உரியது மட்டும்தான்.

இப்போது அதிகமாகக் காட்டுகிறது!

புது பேட்டரி போட்டு மறுநாள் காலை அளந்தால் 146/88. இரண்டு நிமிடம் விட்டு 144. பிறகு 148. நேற்று மாத்திரையை நிறுத்தச் சொன்ன அப்பத்தா, இன்று “அரை மாத்திரை சேர்த்துப் போட்டுக்கட்டுமா?” என்கிறார்.

எர்ரர் எதுவும் இல்லை. மூன்று நம்பரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ஆனாலும் சந்தேகப்பட ஒரு காரணம் இருக்கிறது. கஃப் புதிது. பேரன் அதன் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கிறான்: 22–32 செ.மீ. பழைய கஃப்பில் 22–42 என்று இருக்கிறது. தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அப்பத்தாவின் கையைச் சுற்றி அளந்தால் 38 செ.மீ.

சின்ன கஃப் பெரிய கையைச் சரியாக அழுத்தாது. அதனால் நம்பர் உயர்ந்து வரும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 195 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான கஃப்பைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடியது. அதைவிடப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சுமார் 20 புள்ளி வரை கூடியது. ஒல்லியான கைக்குப் பெரிய கஃப் கட்டினால் இதற்கு நேர்மாறாக, நம்பர் குறைவாக வரும்.

கடையில் கஃப் மாற்றச் சொல்லும்போது மெஷினின் மாடல் எண், கையின் சுற்றளவு இரண்டையும் சொல்லுங்கள். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு நிறுவனத்தின் கஃப்பை மாட்ட வேண்டாம். மெஷினின் கணக்கு அதற்குரிய கஃப்பை வைத்துத்தான் சரிபார்க்கப்பட்டிருக்கும்.

மெஷினா, உடம்பா?

எல்லாம் மாற்றியும் எர்ரர் வந்தால் என்ன செய்வது? அதே மெஷினை வீட்டில் இன்னொருவர் கையில், அவர் கைக்குப் பொருந்தும் கஃப்போடு, மூன்று முறை வைத்துப் பாருங்கள். அவருக்கும் எர்ரர் வந்தால் மெஷினில்தான் கோளாறு. அவருக்குச் சரியாக வந்து, அப்பத்தாவுக்கு மட்டும் அசையாமல் பேசாமல் இருந்தும் திரும்பத் திரும்ப எர்ரர் வந்தால், அல்லது நம்பர் ஏறி ஏறி இறங்கினால், மெஷினைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் இந்த மெஷின்கள் தடுமாறும். டாக்டரிடம் காட்டி ஈ.சி.ஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மெஷின் சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளும் இதற்கு உதவும். ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்து, அதே கையில், இரண்டு மெஷினிலும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிமிடமாவது இடைவெளி விட்டு அளக்க வேண்டும். சராசரியில் மேல் அளவு 5 புள்ளிக்குள் வேறுபட்டால் கவலை இல்லை. 10 புள்ளிக்கு மேல் என்றால் உங்கள் மெஷினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் stridebp.org தளத்தில் மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்தல் இருந்தால், மெஷின் என்ன காட்டினாலும் 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாமல் 180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் உடனே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

சிங்காநல்லூர் வீட்டில் மூன்றாம் நாள் காலை. 22–42 கஃப் மாட்டி அளந்தால் 134/82, அடுத்து 132/80. மருமகள் நோட்டில் இரண்டையும் எழுதுகிறார். முந்தைய இரண்டு நாள் எண்களுக்கு எதிரே ‘கஃப் கோளாறு’ என்று குறித்துவைக்கிறார். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து மாத்திரையை மாற்றிவிடக் கூடாது அல்லவா?

“இந்தாங்க அத்தை, எப்பவும் போடற மாத்திரைதான்.”