மைனஸ் சொல்லும் வட்டிக் கணக்கு

குறுவைக்கொன்று, சம்பாவுக்கொன்று என ஆண்டுக்கு இரண்டு தவணை. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருவர் டிராக்டருக்கு 6,00,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் வாங்கி, 10 சம தவணைகளில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை 81,521 ரூபாய். இரண்டாம் ஆண்டில், அதாவது 3, 4ஆம் தவணைகளில், வட்டிக்குப் போனது எவ்வளவு? எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=CUMIPMT(12%/2,10,600000,3,4,0)
```

விடை -57,678. கையை விட்டுப் போன பணம் என்பதால்தான் மைனஸ். கடைசி 0, தவணை காலத்தின் முடிவில் கட்டப்படுகிறது என்பதற்கு. அதை விட்டால் பிழை காட்டும்.

பலர் சறுக்குவது 12%/2 என்ற இடத்தில். மாதத் தவணைப் பழக்கத்தில் 12ஆல் வகுத்தால் வட்டி வெறும் 9,110 என்று வரும். கட்டிய 1,63,042இல் வட்டி அவ்வளவு குறைவா என்று அப்போதே சந்தேகம் வரவேண்டும்.

வெள்ளத்தில் தவணை தள்ளிப்போனதோ அபராத வட்டி ஏறியதோ இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. ஒழுங்காகக் கட்டியும் வங்கிக் கணக்கில் வட்டி இதைவிடக் கூடியிருந்தால், மேலாளரிடம் தவணைவாரிப் பட்டியல் கேளுங்கள்.